தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருவது ஏன்?

"நெல் பயிரில் அடி இலை மஞ்சளாகிறது, என்ன செய்வது?" என்று செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் தமிழில் தட்டச்சு செய்கிறார் ஒருவர். சில நொடிகளில் ஐந்து பத்திப் பதில் வந்துவிடுகிறது, ஆங்கிலத்தில். அதே கேள்வியை மறுபடி அனுப்பினால் தமிழில் வருகிறது. இன்னொரு நாள் தமிழில் தொடங்கி மூன்றாம் பத்தியில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. எப்போதாவது தமிழ் வாக்கியத்தின் நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு இந்திச் சொல் தலைகாட்டுகிறது.

"அதுக்குத் தமிழ் தெரியல" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஆங்கிலப் பதிலைப் படித்துப் பார்த்தால் கேள்வி சரியாகவே புரிந்துகொள்ளப்பட்டிருக்கும். அடி இலை என்பதைக் கவனித்து, தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று சரியாகவே சொல்லியிருக்கும். புரிந்துகொள்வதில் வந்த கோளாறு இல்லை இது. எந்த மொழியில் பேசுவது என்ற தேர்வில் வந்த கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சரிசெய்யும் வழி தெரியும்.

மொழிக்கென்று தனிப் பொத்தான் இல்லை

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று வரும். அழுத்தியதும் அது தமிழ்த் தடத்துக்கு மாறிவிடும். இன்றைய உரையாடல் செயலிகளுக்கு உள்ளே இருக்கும் மொழி மாடலில் அப்படி ஒரு தடமே கிடையாது. அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை உள்ள எழுத்து முழுவதையும் பார்த்து, அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாய்ப்பைக் கணக்கிடுகிறது. அதில் ஒன்று தேர்வாகிப் பின்னால் ஒட்டப்படுகிறது. பிறகு அதையும் சேர்த்துப் பார்த்து அடுத்த துண்டு. இந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர்.

ஆகவே, பதிலின் முதல் டோக்கன் `The` என்று விழுந்துவிட்டால், அடுத்தது ஆங்கிலமாக இருக்கும் வாய்ப்பு மிகப் பெரிதாகிவிடும். "நெல்" என்று விழுந்துவிட்டால் தமிழ் தொடரும். முதல் ஓரிரு துண்டுகளிலேயே பெரும்பாலும் மொழி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் ஒரே கேள்விக்கு ஒருமுறை தமிழும் மறுமுறை ஆங்கிலமும் வருகின்றன. இரண்டு பக்கமும் வாய்ப்பு ஏறக்குறைய சமமாக நிற்கும்போது, தேர்வு எந்தப் பக்கமும் சாயலாம்.

அப்படியானால் கேட்க வேண்டியது, முதல் சொல்லை ஆங்கிலத்தின் பக்கம் இழுத்தது எது என்பதே.

பழைய இழுப்பு ஒன்று பயிற்சியிலேயே இருக்கிறது. 2023இல் மெட்டா நிறுவனம் லாமா 2 மாடலை வெளியிட்டபோது, அதன் பயிற்சித் தரவில் எந்த மொழி எவ்வளவு என்ற அட்டவணையையும் தந்தது. ஆங்கிலம் 89.70 சதவீதம். அடையாளம் காணப்பட்ட மொழிகளில் அடுத்த இடம் ஜெர்மனுக்கு, வெறும் 0.17 சதவீதம். 0.005 சதவீதமாவது இருந்த மொழிகள்தான் அட்டவணையில் ஏறின. அதில் தமிழ் இல்லை. இதற்கு மேல், கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்கும் இரண்டாம் கட்டப் பயிற்சியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. "நன்றாகப் பதில் சொல்வது" என்ற பழக்கமும் "ஆங்கிலத்தில் எழுதுவது" என்ற பழக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வேறு மொழியில் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் குணம் அங்கிருந்து வந்தது.

அதற்குப் பிறகு வந்த மாடல்களில் பல மொழித் தரவு கூடியிருக்கிறது, கோளாறும் குறைந்திருக்கிறது. ஆனால் போய்விடவில்லை. 2024இல் கோஹியர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதற்கு "மொழிக் குழப்பம்" என்று பெயரிட்டு 15 மொழிகளில் அளந்து பார்த்தார்கள். இந்தி அதில் உண்டு, தமிழ் இல்லை. கேள்வி சிக்கலாக ஆக ஆகவும், அடுத்த சொல்லைத் தேர்வதில் சுதந்திரம் கூடக் கூடவும் குழப்பம் கூடுகிறது என்று கண்டார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு குழு லாமா 2 மாடலின் உள் அடுக்குகளைத் திறந்து பார்த்தது. ஆங்கிலம் சம்பந்தப்படாத வேலைகளில்கூட, நடு அடுக்குகளில் விடைக்கான ஆங்கிலச் சொல்லே முதலில் மேலெழுந்தது. கடைசி அடுக்குகளில்தான் அது கேட்ட மொழிக்கு மாறியது. அந்தக் கடைசி மாற்றம் சற்றே பலவீனமாக இருந்தாலும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும் என்று ஊகிப்பது தவறாகாது.

ரோமன் எழுத்தில் தட்டினால்

நம்மில் பலர் தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டுவதில்லை. கைப்பேசியில் வேகமாக வருவது இதுதான்:

```
nel payirla adi ilai manjal aaguthu, enna pannalam?
```

தமிழ் எழுத்தில் எழுதினால் மொழி எது என்பதில் ஐயமே வராது. யூனிகோடில் தமிழுக்கென்று `U+0B80` முதல் `U+0BFF` வரை தனி இடம் இருக்கிறது, அந்த எழுத்துகளை வேறு பெரிய மொழி எதுவும் பயன்படுத்துவதில்லை. ரோமன் எழுத்துக்கு வந்ததும் அந்த அடையாளம் போய்விடுகிறது. `kal` என்றால் தமிழருக்குக் கல், இந்திக்காரருக்கு நேற்றோ நாளையோ. `aam` நமக்கு ஆம், அவர்களுக்கு மாம்பழம். போதாக்குறைக்கு எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் வேறு. வாழையை ஒருவர் `vazhai` என்பார், இன்னொருவர் `vaalai`, மற்றொருவர் `valai`. கடைசியில் உள்ளது வலையாகவும் இருக்கலாம்.

நீளமான கேள்வியில் `payirla`, `aaguthu`, `pannalam` போன்ற சொற்களின் விகுதிகள் வந்து தமிழைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு சொல் கேள்வியில்தான் சிக்கல். இந்திய மொழிகளில் ரோமன் எழுத்தில் மிகுதியாக எழுதப்படுவது இந்தி என்பதால், ஐயம் வரும்போது அந்தப் பக்கம் சாய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சில சேவைகள் மாடலுக்கு முன்னால் மொழி கண்டுபிடிக்கும் தனிக் கருவி ஒன்றை வைக்கின்றன. அந்தக் கருவி ஒவ்வொரு மொழியையும் அதன் சொந்த எழுத்தில் மட்டுமே படித்துப் பழகியதாக இருந்தால், ரோமன் தமிழைப் பார்த்து ஏதேதோ தொலைதூர மொழியின் பெயரைச் சொல்லும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்லிட் கருவி இந்தக் குறைக்காகவே செய்யப்பட்டது. இந்திய மொழிகளைச் சொந்த எழுத்திலும் ரோமன் எழுத்திலும் அது அடையாளம் காணும். தமிழ் பேசுவோருக்காகச் சேவை கட்டுகிறவர்கள் பொதுக் கருவியை விட்டு இப்படிப்பட்ட ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது.

மொழியைச் சரியாகக் கண்டுகொண்டாலும் இன்னொரு முடிச்சு மிச்சமிருக்கிறது. ரோமன் எழுத்தில் தமிழ் கேட்பவருக்கு எந்த எழுத்தில் பதில் தர வேண்டும்? தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாமல் ரோமனில் எழுதுபவர்களும் உண்டு, விசைப்பலகை கைவராததால் எழுதுபவர்களும் உண்டு. மாடலால் இதை ஊகிக்க முடியாது. கேட்பவர்தான் சொல்ல வேண்டும். கேள்வியின் கடைசியில் `thamizh ezhuthil bathil sollu` என்று சேர்த்தாலே பெரும்பாலும் போதும்.

ஒரு சேவையை அவிழ்த்துப் பார்ப்போம்

தனி ஆள் ஒரு செயலியில் கேட்பதைவிட, ஒரு நிறுவனமோ அமைப்போ மாடலை வைத்துக் கட்டிய சேவையில் கேட்கும்போதுதான் இந்தக் கோளாறு பிடிவாதமாக நிற்கும். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம். உழவர்களுக்கான கேள்வி–பதில் சேவை என்று வைத்துக்கொள்வோம். பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உழவர் தமிழில் கேட்கிறார். கையேட்டில் பொருத்தமான பகுதிகளைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாடலிடம் கொடுத்தால், அது பதில் எழுத வேண்டும்.

உழவரின் கண்ணுக்குத் தெரிவது அவர் தட்டிய ஒரு வரி மட்டும். மாடலுக்குப் போய்ச் சேர்வது வேறு. மேலே சேவைக்காரர் எழுதிய மறைமுக அறிவுறுத்தல், அதாவது சிஸ்டம் ப்ராம்ப்ட், ஆங்கிலத்தில் 200 சொல். அடுத்து கையேட்டிலிருந்து எடுத்த ஐந்து பகுதிகள், ஆங்கிலத்தில் 1,500 சொல். அதன் அடியில் உழவரின் கேள்வி, தமிழில் ஏழு சொல். கடைசியாக `Answer using only the context above.` என்று ஒரு வரி. 1,700 ஆங்கிலச் சொல்லுக்கு நடுவில் ஏழு தமிழ்ச் சொல். அதுவும் பதில் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருப்பது ஆங்கில வரி. முதல் டோக்கன் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

சேவைக்காரருக்குப் புகார் வருகிறது. அவர் முதலில் செய்வது சிஸ்டம் ப்ராம்ப்ட்டின் உச்சியில் `Always reply in the user's language.` என்று சேர்ப்பது. கொஞ்சம் பலன் தெரியும், ஆனால் முழுதும் தீராது. காரணம் பலருக்குத் தட்டுப்படுவதில்லை. இந்தச் சேவைகளில் பெரும்பாலும் கையேட்டுப் பகுதிகளும் "பயனர் செய்தி" என்ற அதே பெட்டிக்குள்தான் வைக்கப்படுகின்றன. மாடலின் பார்வையில் அந்தச் செய்தி முழுவதும் பயனர் எழுதியதே. 1,500 ஆங்கிலச் சொல்லும் ஏழு தமிழ்ச் சொல்லும் எழுதிய ஒருவரின் மொழி எது? ஆங்கிலம் என்று மாடல் முடிவு செய்தால் அது சொன்னதைக் கேட்டு நடக்கிறது என்றுதான் பொருள்.

இதைவிட ஒளிந்திருக்கும் காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கையேட்டில் தேட வேண்டும் என்பதற்காக, உழவரின் தமிழ்க் கேள்வி முதலில் ஆங்கிலத்தில் திருப்பி எழுதப்படும். `Yellowing of lower leaves in paddy, remedy` என்று. தேடலுக்கு அது தேவைதான். ஆனால் பதில் எழுதும் படிக்கும் மூலக் கேள்விக்குப் பதிலாக அந்தத் திருப்பி எழுதிய வரியே போய்விடுவதுண்டு. அப்போது மாடல் தமிழை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. "பயனரின் மொழியில் பதில் சொல்" என்று எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்ய வேண்டும். மாடலுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த முழு எழுத்தையும் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஒரு பக்கமாக அச்சிட்டு, மேலிருந்து கீழ்வரை வாசிக்க வேண்டும். அதில் தமிழ் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

தமிழ் இருக்கிறது, ஆனால் தோற்றுப்போகிறது என்றால் இரண்டு மாற்றம் செய்யலாம். "பயனரின் மொழி" என்று பொதுவாகச் சொல்வதை விட்டு "தமிழ்" என்று பெயர் சொல்வது. அந்த வரியை உச்சியிலிருந்து அடிக்கு, கையேட்டுப் பகுதிகளுக்கு எல்லாம் பிறகு, கொண்டுவருவது. அந்த வரியையே தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. பதில் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் தமிழ் எழுத்து இருக்கும். அறிவுறுத்தலே தமிழுக்கான முன்னுதாரணமாகவும் ஆகிவிடும்.

```
மேலே உள்ள பகுதிகள் ஆங்கிலத்தில் இருக்கலாம்.
பதில் முழுவதும் தமிழ் எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும்.
உரம், மருந்துகளின் பெயரை மட்டும் மூலத்தில் உள்ளபடி எழுதலாம்.
கேள்வி: நெல் பயிரில் அடி இலை மஞ்சளாகிறது, என்ன செய்வது?
```

மூன்றாவது வரியை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் மாடல் மருந்துப் பெயரையும் மொழிபெயர்க்கப் பார்க்கும். கடையில் போய்க் கேட்க முடியாத ஒரு பெயர் உழவர் கைக்கு வந்து சேரும்.

கேள்வியின் மொழி எது என்பதையும் மாடலின் ஊகத்துக்கு விடாமல், நிரலே கண்டுபிடித்து "தமிழ்" என்ற சொல்லை அந்த வரியில் நிரப்பிவிடலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாக மொழி கண்டுபிடித்தால், நடுவில் உழவர் `ok` என்றோ `urea?` என்றோ தட்டும்போது அடுத்த பதில் ஆங்கிலத்துக்குப் போய்விடும். உரையாடல் தொடங்கிய மொழியை வைத்துக்கொண்டு, ஒரு முழு வாக்கியமாவது வேறு மொழியில் வந்தால் மட்டும் மாற்றுவதுதான் மனிதர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கும் பொருந்தும்.

இத்தனைக்கும் அடங்காத மாடலுக்கு இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று, கேள்விக்கு முன்னால் ஒரு மாதிரிக் கேள்வியும் அதற்கான தமிழ்ப் பதிலும் வைப்பது. கோஹியர் ஆய்வாளர்களும் இது குழப்பத்தைக் குறைப்பதைக் கண்டார்கள். இன்னொன்று, பதிலின் தொடக்கத்தை நாமே எழுதிக் கொடுப்பது. "உங்கள் நெல் பயிரில்" என்று தொடங்கிக் கொடுத்துவிட்டால், முதல் டோக்கன் என்ற கேள்வியே எழாது. சொந்தக் கணினியில் மாடலை ஓட்டுபவர்களுக்கு இது எளிது. இணையவழிச் சேவைகளில் சில இதை அனுமதிக்கும், சில அனுமதிக்காது.

நடுவில் தாவுவது

தமிழில் நன்றாகத் தொடங்கி, பாதியில் மொழி மாறுவதற்குக் காரணம் கொஞ்சம் வேறு. தமிழ் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். `hello` என்ற ஐந்தெழுத்துக்கு ஐந்து பைட்டு போதும். "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்தெழுத்துதான். ஆனால் புள்ளிகள் தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடில் ஏழு குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 21 பைட்டு. டோக்கன் பட்டியலில் தமிழுக்கு இடம் குறைவாக உள்ள மாடல்களில், ஒரே தமிழ்ச் சொல் பல துண்டுகளாக உடைகிறது.

ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய தேர்வு. கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு தேர்விலும் வேற்று மொழித் துண்டு விழும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு. ஒரு பதில் ஆங்கிலத்தில் 150 துண்டு, அதே பதில் தமிழில் 600 துண்டு என்போம். 150 தேர்வில் ஒரு முறையாவது தவறு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். 600 தேர்வில் அது 70 சதவீதம். ஆயிரத்தில் இரண்டு என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான், ஆனால் போக்கு உண்மை. சிறு பிழை வாய்ப்பும், துண்டுகள் பெருகும்போது, பெரிதாகிவிடும். ஒரு இந்திச் சொல் மட்டும் வந்து, உடனே தமிழ் தொடர்ந்தால் அது இந்த வகைத் தவறு. ஆங்கிலச் சொல் விழுந்தால் ஆபத்து அதிகம், ஏனென்றால் ஆங்கிலத்தின் இழுப்பு பலமானது, அங்கேயே தங்கிவிடும். ஒரு நிரல் துண்டுக்கோ ஆங்கிலப் பெயர்ப் பட்டியலுக்கோ அடுத்த பத்தியில் மொழி மாறுவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து `temperature` என்ற அமைப்பைக் குறைப்பது. அடுத்த துண்டைத் தேர்வதில் எவ்வளவு சுதந்திரம் என்பதை அது தீர்மானிக்கிறது. 1 என்ற இடத்திலிருந்து 0.3 அளவுக்கு இறக்கினால், வாய்ப்புக் குறைந்த துண்டுகள் ஏறக்குறைய ஒதுங்கிவிடும். ஆனால் முதல் சொல்லிலேயே ஆங்கிலம் முந்தி நிற்கும் சேவையில் இதைக் குறைத்தால் எதிர்விளைவுதான்: சில முறை ஆங்கிலம் வந்தது போய் எல்லா முறையும் ஆங்கிலம் வரும். ப்ராம்ப்ட்டைச் சரிசெய்த பிறகே இதில் கைவைக்க வேண்டும்.

யோசித்துப் பதில் சொல்லும் மாடல்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. டீப்சீக் நிறுவனம் 2025 ஜனவரியில் ஆர்1 மாடலை வெளியிட்டபோது, அதன் யோசனைப் பகுதியில் மொழிகள் கலப்பதை வெளிப்படையாகவே எழுதியது. சரியான விடைக்கு மட்டும் பரிசு கொடுத்துப் பழக்கினால், மாடல் எந்த மொழியில் யோசிப்பது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. அதனால் யோசனையில் உரிய மொழிச் சொற்கள் எவ்வளவு என்பதற்கும் தனியாகப் பரிசு சேர்த்தார்கள். மொழி ஒழுங்கானது, திறன் சற்றே குறைந்தது. சீனமும் ஆங்கிலமும் தவிர்த்த மொழிகளில் கேட்டால் கலப்பு வரலாம் என்றும் அவர்களே எச்சரித்தார்கள்.

வெளியே போகும் பதிலை நிரலால் சோதிப்பது எளிது, சேவை நடத்துபவர் யாரும் இதைத் தவிர்க்கக் கூடாது. தமிழ் எழுத்து எத்தனை, ரோமன் எழுத்து எத்தனை என்று எண்ணினாலே போதும்:

```python
def tamil_share(text):
    ta = sum('\u0b80' <= c <= '\u0bff' for c in text)
    la = sum(c.isascii() and c.isalpha() for c in text)
    return ta / max(ta + la, 1)
```

இதைப் பதில் முழுவதற்கும் ஒரே முறை ஓட்டக் கூடாது. நான்கு பத்தி தமிழும் கடைசிப் பத்தி ஆங்கிலமுமாக இருந்தால் சராசரி 0.8 அளவுக்கு வந்து தேறிவிடும். பத்தி பத்தியாக ஓட்டி, ஏதாவது ஒன்று 0.6க்குக் கீழே போனால் நிறுத்தலாம். மருந்துப் பெயர்களுக்காகத்தான் அவ்வளவு இடம் விடுவது. இந்தி, தெலுங்கு, மலையாள எழுத்துகளை இந்த நிரல் எண்ணாது. இந்திக்கு `U+0900` முதல் `U+097F` வரை, தெலுங்குக்கு `U+0C00` முதல் `U+0C7F` வரை, மலையாளத்துக்கு `U+0D00` முதல் `U+0D7F` வரை என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தேறாத பதிலை எறிந்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லும்போது, தவறான அந்த ஆங்கிலப் பதிலை உரையாடல் வரலாற்றில் விட்டுவைக்கக் கூடாது. விட்டுவைத்தால் இந்த உரையாடலில் பதில் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும்.

கையில் கைப்பேசி மட்டும் உள்ளவருக்கு

கடைசியாகச் சொன்ன அந்தக் காரணம் சாதாரணப் பயனருக்கும் பொருந்தும். ஆங்கிலப் பதில்கள் நிறைந்த உரையாடலின் அடியில் "தமிழில் சொல்" என்று கேட்டால் அந்த ஒரு பதில் தமிழில் வரும், அடுத்தது மீண்டும் ஆங்கிலம். அங்கே மல்லுக்கட்டாமல் புது உரையாடல் தொடங்கிவிடுங்கள். அல்லது, செயலியில் வசதி இருந்தால், மொழி மாறிய இடத்துக்கு முந்தைய உங்கள் செய்தியையே திருத்தி, கடைசி வரியாக "பதில் தமிழில் மட்டும் வேண்டும்" என்று சேர்த்து அனுப்புங்கள். தவறான பதில் வரலாற்றிலிருந்து விலகிவிடும். ஆங்கிலக் கட்டுரையையோ மின்னஞ்சலையோ ஒட்டிக் கேள்வி கேட்கிறீர்கள் என்றால், கேள்வியை மேலே எழுதாமல் ஒட்டிய எழுத்துக்குக் கீழே எழுதுங்கள். உழவர் சேவையில் அறிவுறுத்தலை அடிக்குக் கொண்டுவந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

செயலியின் அமைப்புகளில் நிரந்தர அறிவுறுத்தல் எழுத ஓர் இடம் இருக்கும். அங்கே எப்போதோ ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டு மறந்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு உரையாடலின் உச்சியிலும் அது போய் உட்காரும். அதை அழித்துவிட்டு, "நான் தமிழ் எழுத்தில் கேட்டாலும் ஆங்கில எழுத்தில் தமிழ் கேட்டாலும் தமிழ் எழுத்தில் பதில் சொல்" என்று எழுதி வைத்தால் தங்கிலிஷ் சிக்கலும் சேர்ந்தே குறையும்.

மொழியைத் தமிழுக்கு இழுத்துவிடலாம், உள்ளடக்கம் அதோடு சேர்ந்து வருமா என்பது தனிக் கேள்வி. தமிழில் குறைவாகப் பழகிய சிறு மாடலை இறுக்கிப் பிடித்துத் தமிழில் எழுதவைத்தால், எழுத்து தமிழாக இருக்கும், சொன்ன விஷயம் நழுவியிருக்கும். அப்படிப்பட்ட மாடலுக்கு, ஆங்கிலத்தில் பதில் எழுதவிட்டு அதைத் தனிப் படியாகத் தமிழாக்குவதே மேல். அதிலும் எண்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். துத்தநாக சல்பேட் 0.5 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 5 கிராம். ஆங்கிலத்தில் `5 g per litre` என்று சரியாக இருப்பது, தமிழாக்கத்தில் "5 லிட்டருக்கு ஒரு கிராம்" என்று புரண்டு வந்தால், தமிழ்ப் பரிசோதனையில் அது முழு மதிப்பெண் வாங்கிவிடும். எழுத்தை எண்ணும் நிரலுக்கு இது தெரியாது. எண்ணும் அலகும் மூலத்தில் உள்ளபடியே பதிலில் இருக்கின்றனவா என்று ஒப்பிட இன்னொரு சோதனை வேண்டும். அது பொருந்தாதபோது பதிலுக்குப் பதிலாகக் கையேட்டின் மூலப் பகுதியையே உழவருக்குக் காட்டிவிடுவது நல்லது.